உடல் ஊர் போய்ச் சேரும் முன்



தமிழ்நாட்டிலிருந்து இங்கே வேலைக்கு வந்து இறந்துபோகிறவர்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பிரிக்பீல்ட்ஸில் வாழை இலை போட்டுச் சோறு பரிமாறுகிறவர், கிள்ளானில் நமக்கு முடி வெட்டுகிறவர், ஷா ஆலம் தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கிறவர் என்று இவர்களில் ஒருவராவது நம் ஒவ்வொருவருக்கும் தெரிந்தவராக இருப்பார். இறந்துவிட்டார் என்ற செய்தி வந்ததும் நாம் என்ன செய்கிறோம்? வசூல் பண்ணுகிறோம், ஊருக்குப் போன் போடுகிறோம், பெட்டியை விமானத்தில் ஏற்றுகிறோம். அத்தோடு கடமை முடிந்தது என்று நினைக்கிறோம். அந்த மனசை நான் வணங்குகிறேன். ஆனால் பெட்டியை ஏற்றும் அவசரத்தில் அந்த வீட்டுக்குப் பிற்பாடு சோறு போடவேண்டிய தாள்களை இங்கேயே கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். அதைச் சொல்லத்தான் இந்த மேடைக்கு வந்தேன்.

ஒருவரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை, நடப்பதை விளங்கவைக்க ஓர் ஆள். புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர், கிள்ளானில் முடிதிருத்தும் கடையில் வேலை. மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான தாய் எல்லாரும் ஊரில். வெள்ளிக்கிழமை இரவு தங்கும் அறையில் மயங்கி விழுகிறார். துங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்போது உயிர் இல்லை.

மருத்துவமனையில் சிகிச்சையில் இருந்து இறந்தவருக்கும் இவருக்கும் வித்தியாசம் உண்டு. சிகிச்சையில் இருந்தவரின் நோய் மருத்துவருக்குத் தெரியும். இறப்புக் காரணத்தை அவரே எழுதிக் கொடுப்பார். உயிரில்லாமல் வந்தவரின் காரணம் யாருக்கும் தெரியாது. அதனால் போலீஸ் உள்ளே வருகிறது. கூட இருந்தவர் காவல் நிலையத்தில் புகார் பதியவேண்டும். போலீஸ் ஒரு பாரத்தைப் பூர்த்திசெய்து, சவப்பரிசோதனை செய்யும்படி மருத்துவமனையைக் கேட்கும். 'போலீஸ் 61' என்று சவக்கிடங்கில் சொல்வது அதைத்தான். அந்தத் தாள் வராமல் சவக்கிடங்கில் எதுவும் நகராது. அறையில் கூட இருந்த நண்பருக்கு பெர்மிட் முடிந்திருந்தால் அவர் காவல் நிலையத்துக்குப் போகப் பயப்படுவார். வெள்ளி இரவு இறந்தவருக்குத் திங்கள் வரை புகாரே இல்லாமல் போவது இப்படித்தான். முதலாளி போகலாம், கடைக்காரர் போகலாம், கோயில் தலைவர் போகலாம். ஆள் யாரென்று தெரிந்து, நடந்ததைச் சொல்லக்கூடியவர் ஒருவர் போனால் போதும்.

இங்கே ஒரு வார்த்தை. இதெல்லாம் நடப்பது உடல் ஒன்று இருப்பதால். அந்த உடலே கிடைக்காமல் போனால்? 2024 ஆகஸ்டு 23-ஆம் தேதி, இங்கிருந்து கொஞ்ச தூரத்தில், ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் நடைபாதை உள்வாங்கி, ஆந்திராவிலிருந்து வந்த ஒரு சகோதரி அதற்குள் விழுந்தார். ஒன்பது நாள் தேடினார்கள், கிடைக்கவில்லை. கோலாலம்பூர் நடுவில், அத்தனை பேர் பார்த்திருக்க நடந்த சம்பவம். அந்தக் குடும்பத்தை நினைக்கும்போதெல்லாம், சவக்கிடங்கில் அடையாளம் காட்ட ஓர் உடல் இருப்பதே எத்தனை பெரிய விஷயம் என்று எனக்குத் தோன்றும்.

நம் ஆளுக்கு வருவோம். சவப்பரிசோதனை முடிந்தது. சில நேரம் காரணம் அன்றைக்கே தெரிந்துவிடும்: இருதய அடைப்பு, தலையில் காயம். சில நேரம் ரத்தத்தையும் திசுவையும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். அப்போது காரணம் எழுதும் கட்டத்தில், ஆய்வு முடிவுக்குக் காத்திருப்பதாக எழுதுவார்கள். இதனால் உடல் இங்கேயே நின்றுவிடாது. அடக்கத்துக்கான அனுமதியும், தேசியப் பதிவுத் துறையின் மரணச் சான்றிதழும் கிடைக்கும். பெட்டி ஊருக்குப் போகலாம். எல்லாரும் நிம்மதி அடைவோம். ஆனால் அந்தக் கட்டத்தில் இன்னும் காரணம் எழுதப்படவில்லை என்பதை அங்கே இருக்கிற நாலு பேரில் ஒருவராவது குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

அடுத்தது பெயர். நம் தமிழர் பெயர் மூன்று தாளில் மூன்று விதமாக நிற்கிறது. ஊரில் ரேஷன் அட்டையில் தந்தை பெயர் ஓர் எழுத்தாக முன்னால் இருக்கும். பாஸ்போர்ட்டில் அதே தந்தை பெயர் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் முழுதாக இருக்கும். இங்கே மருத்துவமனைப் பதிவில் இந்த நாட்டு வழக்கப்படி நடுவில் ஒரு 'ஏ/எல்' போட்டு எழுதிவிடுவார்கள். எழுதுகிறவர் மேல் தப்பு சொல்ல முடியாது, மலேசியத் தமிழர் பெயரை அவர் அப்படித்தான் எழுதிப் பழகியிருக்கிறார். ஆனால் மரணச் சான்றிதழில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர் என்று வந்துவிட்டால் தூதரகத்தில் கேள்வி, விமான நிலையத்தில் கேள்வி, பிறகு இன்ஷூரன்ஸில் கேள்வி. சான்றிதழ் அச்சாகும் முன்பே, பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தை மேசையில் வைத்து, எழுத்துக்கு எழுத்து, பாஸ்போர்ட் எண் உட்பட ஒத்துப் பாருங்கள். அச்சான பிறகு திருத்துவது பெரிய வேலை.

அந்த பாஸ்போர்ட் எங்கே இருக்கிறது? பல நேரம் முதலாளியின் இரும்புப் பெட்டியில். முதலாளிமார்களே, கோபப்படாமல் கேளுங்கள். இன்னொருவர் பாஸ்போர்ட்டை நாம் வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். பாதுகாப்புக்காக வைத்தோம் என்று சொல்வீர்கள். அந்த ஆள் இறந்த வாரம் நீங்கள் வெளியூரில் இருந்தால், பெட்டிச் சாவியும் உங்களோடு இருந்தால், சவக்கிடங்கில் உடல் காத்துக் கிடக்கும். தூதரகத்துக்கு அசல் பாஸ்போர்ட் வேண்டும், அதை ரத்து செய்துதான் திருப்பித் தருவார்கள். நகல் காட்டி வேலை நடக்காது.

தூதரகம் என்று நாம் சொல்வது, மொண்ட் கியாராவில் மெனாரா 1 கட்டடத்தின் 28-ஆம் மாடியில் இருக்கும் இந்திய ஹை கமிஷன். அங்கே கொடுப்பது 'தடையில்லாச் சான்று'. இந்த உடலை இந்தியாவுக்குக் கொண்டுபோக ஆட்சேபம் இல்லை என்ற ஒரு தாள். அதைப் பெற மரணச் சான்றிதழ், பாஸ்போர்ட், போலீஸ் புகார், முதலாளி கடிதம், ஈமச்சடங்கு நிறுவனம் தரும் பதப்படுத்திய சான்றும் பெட்டியை மூடி முத்திரையிட்ட சான்றும் வேண்டும். கூடவே ஊரிலிருந்து குடும்பத்தாரின் ஒப்புதல் கடிதம் வரவேண்டும்.

இந்த ஒப்புதல் கடிதத்தில்தான் நாட்கள் போகின்றன. மனைவி ஒரு வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாது. இறந்தவருக்குத் தான் யார், உடலை என்ன செய்யச் சம்மதம், இங்கே யார் தன் சார்பில் பொறுப்பேற்கலாம், எந்த விமான நிலையத்தில் யார் பெற்றுக்கொள்வார் என்று தெளிவாக எழுதி, நோட்டரி முன் கையெழுத்திட்டு, அடையாள அட்டை நகல்களோடு அனுப்பவேண்டும். அந்தப் பெண் கணவர் இறந்த செய்தி கேட்ட மறுநாள் இதையெல்லாம் செய்ய வேண்டியிருக்கிறது. அவருக்குப் பக்கத்தில் இருந்து எழுதிக்கொடுக்க ஒரு படித்த அண்ணன் தம்பி இல்லாவிட்டால், நாம் இங்கிருந்தே வாசகத்தை எழுதி அனுப்பவேண்டும். மனைவி ஒன்று சொல்லி, தாயார் வேறு சொல்லும் வீடுகளும் உண்டு. மனைவிக்கு உடல் வரவேண்டும், தாயாருக்கு அங்கேயே எரித்துவிட்டுச் சாம்பல் வந்தால் போதும். அந்தப் பிணக்கு தீராமல் தூதரகம் கையெழுத்திடாது, இடக்கூடாது என்பதுதான் சரி. அதனால் கடிதத்தில் மனைவியோடு தாயாரும் கையெழுத்திட்டால் பிற்பாடு சண்டை வராது.

சாம்பல் என்றேன். அதையும் குடும்பத்திடம் மறைக்காமல் சொல்லுங்கள், முடிவை அவர்களிடம் விடுங்கள். கிள்ளான் சிம்பாங் லீமாவில் எரியூட்டி, அஸ்தியைக் கையோடு ஊருக்குக் கொண்டுபோகலாம்; அதற்குப் பதப்படுத்தலும் வேண்டாம், துத்தநாகம் பொதிந்த பெட்டியும் வேண்டாம், எரியூட்டிய சான்றும் மரணச் சான்றிதழும் தூதரகத் தாளும் போதும். முஸ்லிம் சகோதரர்களின் குடும்பங்கள் பல, சீக்கிரம் அடக்கம் நடக்கவேண்டும் என்று இங்கேயே நல்லடக்கத்துக்குச் சம்மதிக்கின்றன. ஆனால் பணம் மிச்சம் என்பதற்காக முதலாளியோ நாமோ அந்த வீட்டை அந்தப் பக்கம் தள்ளக்கூடாது. முகத்தைப் பார்க்கவேண்டும் என்று ஒரு தாய் கேட்டால், அது நடக்க வழி இருக்கிறது.

செலவு யாருடையது? முதலில் முதலாளியுடையது. வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள், அதில் இது எழுதியிருக்கும். முதலாளி முடியாது என்று கைவிரித்தால், குடும்பத்துக்கும் வசதி இல்லாவிட்டால், இந்திய அரசின் சமூக நல நிதி இருக்கிறது. 2009-இல் தொடங்கியது. தூதரகச் சேவைக் கட்டணங்களோடு வசூலாகும் ஒரு சிறு தொகையில் சேர்ந்த நிதி, அதாவது உங்களைப் போன்றவர்கள் கொடுத்த காசுதான். நல்லுடலை அனுப்புவது அதன் பட்டியலிலேயே உள்ள உதவி. நாம் வசூல் தட்டு தூக்கும் முன்பு அதைக் கேட்டிருக்கிறோமா? கேட்கும்போது முதலாளி மறுத்ததை எழுத்தில் காட்டவேண்டும். வாய்வார்த்தை செல்லாது. குடும்பத்தார் ஊரிலிருந்தே 'மதத்' என்ற வெளியுறவு அமைச்சின் இணையவாசலில் புகார் பதியலாம், மாவட்ட ஆட்சியரிடமும் சென்னையில் இருக்கும் அயலகத் தமிழர் நலத்துறை ஆணையரகத்திலும் மனு கொடுக்கலாம். இரண்டையும் செய்யச் சொல்லுங்கள், ஆனால் தூதரகத்துக்கு நேராகப் போகும் தாள்தான் முதலில் வேலை செய்யும்.

எல்லாத் தாளும் சேர்ந்துவிட்டது. மலேசியச் சுகாதாரத் துறையின் ஏற்றுமதி அனுமதியும் வாங்கியாயிற்று. திருச்சிக்கு விமானம். இங்கே கடைசிக் கதவு ஒன்று இருக்கிறது. இந்திய விமான நிலையத்தின் சுகாதார அதிகாரி. உடல் வருவதை 48 மணி நேரத்துக்கு முன் அவருக்குத் தெரிவிக்கவேண்டும் என்பது 1954-ஆம் ஆண்டு விதி. 2023 ஆகஸ்டிலிருந்து அதற்கு 'இ-கேர்' என்ற இணையவாசல் வந்திருக்கிறது; தாள்களை அதில் ஏற்றிவிட்டால் அனுமதி வேகமாக வருகிறது. இந்தக் கதவு சும்மா பேருக்கு இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். 2020 ஏப்ரலில், கோவிட் முடக்கத்தின்போது, அபுதாபியிலிருந்து டெல்லி போன மூன்று இந்தியர்களின் உடல்களை உள்ளே விடாமல் வந்த வழியே திருப்பி அனுப்பினார்கள். சில நாளில் உள்துறை அமைச்சு விளக்கம் கொடுத்து வழி திறந்தது. அந்தச் சில நாளை அந்த மூன்று குடும்பங்கள் எப்படிக் கழித்திருக்கும்!

ஊரில் வாங்க வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுங்கள். பயணிகள் வெளியே வரும் வாசலில் நிற்கவேண்டாம். நல்லுடல் சரக்குப் பிரிவில்தான் வரும். விமானச் சரக்குச் சீட்டில் யார் பெயர் பெறுநராகப் போட்டிருக்கிறதோ அவரே, அசல் அடையாள அட்டையோடு வரவேண்டும். விடியற்காலை மூன்று மணிக்கு வேன் பிடித்து இருபது பேர் வந்திருப்பார்கள், சீட்டில் பெயர் உள்ள ஒருவர் மட்டும் வீட்டில் பந்தல் வேலை பார்த்துக்கொண்டிருப்பார். இது நடக்கிறது.

பெட்டி ஊர் போய்விட்டது. காரியம் முடிந்தது. இனிதான் நான் முதலில் சொன்ன விஷயம் வருகிறது. அந்த மனைவிக்கு என்ன கிடைக்கும்?

2019 ஜனவரி 1 முதல் அந்நியத் தொழிலாளர்களுக்கும் சொக்சோ உண்டு. வேலை தொடர்பான விபத்தில் இறந்தால் சார்ந்தோருக்கு மாதாமாதம் பணம் வரும். அதில் ஐந்தில் மூன்று பங்கு விதவைக்கு, இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு. அது கடல் கடந்தும் போகும். இந்தியப் பக்கத்தில், குடிபெயர்வு அனுமதி வாங்கி வந்த தொழிலாளிக்கு 'பிரவாசி பாரதீய பீமா யோஜனா' என்ற காப்புறுதி இருக்கும். விபத்தில் இறந்தால் 10 லட்சம் ரூபாய். மலேசியா அந்த அனுமதி தேவைப்படும் 18 நாடுகளில் ஒன்று. 'எங்க வீட்டுக்காரருக்கு அப்படி ஒன்று இருந்ததா?' என்று கேட்கும் பெண்கள் உண்டு. அந்த அனுமதி வாங்கி வந்திருந்தால் பிரீமியம் கட்டித்தான் வந்திருப்பார், தாள் எங்கோ இருக்கும்.

இந்த இரண்டுக்கும் ஒரே கேள்விதான்: எப்படி இறந்தார்? நம் முடிதிருத்தும் தம்பி அறையில் மயங்கி விழுந்தார் என்று எல்லாரும் சொன்னோம். அன்று மாலை கடையில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டிருந்தார், ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு அறைக்கு வந்தார் என்று பக்கத்துக் கடைப் பையனுக்கு மட்டும் தெரியும். அது போலீஸ் புகாரில் இல்லை. முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்கவேண்டிய விபத்து அறிக்கையும் இல்லை. சவப்பரிசோதனை அறிக்கையின் காரணக் கட்டம் ஆய்வு முடிவுக்குக் காத்தே நிற்கிறது. உடல் ஊரில் சாம்பலாகிவிட்டது. இனி எந்த மருத்துவரும் அந்தத் தலையை மறுபடி பார்க்க முடியாது. அந்தப் பெண்ணுக்கு வரவேண்டிய மாதப் பணம், அந்தப் பையன் சொல்லாமல் விட்ட ஒரு வாக்கியத்தில் போய்விட்டது.

அதனால்தான் கேட்கிறேன். புகார் பதியும்போது கடைசி இருபத்துநாலு மணி நேரத்தில் அவரைப் பார்த்தவர்கள் எல்லாரையும் விசாரித்துவிட்டுப் போங்கள். எப்போது வேலைக்கு வந்தார், எதைத் தூக்கினார், எங்கே விழுந்தார், வேலைக்குப் போகும் வழியிலா, திரும்பும் வழியிலா? பொய் ஒன்றும் சேர்க்கவேண்டாம், உள்ளதைச் சொன்னால் போதும். வேலையோடு சம்பந்தமில்லாத இருதய நோய் என்றால் அதையும் அப்படியே சொல்லுங்கள். 2024 ஜூலை முதல் சொக்சோவின் இன்னொரு திட்டம் அந்நியத் தொழிலாளர்களுக்கும் விரிந்திருக்கிறது, வேலைநேரத்துக்கு வெளியே வந்த இறப்பையும் விண்ணப்பித்துப் பார்க்க இடமுண்டு. நிலுவைச் சம்பளத்தை முதலாளி கணக்குப் போட்டு எழுத்தில் கொடுக்கட்டும்.

ஊரிலிருந்து வரும் ஒப்புதல் கடிதத்தில் இன்னொரு பத்தியும் சேர்க்கச் சொல்லுங்கள். உடலை அனுப்ப ஒரு பொறுப்பு. அதற்குப் பிறகு இறுதி சவப்பரிசோதனை அறிக்கையைப் பெறவும், சொக்சோவில் விண்ணப்பிக்கவும், சான்றிதழ்களை விஸ்மா புத்ராவிலும் தூதரகத்திலும் மெய்ப்பித்து ஊருக்கு அனுப்பவும் இன்னொரு பொறுப்பு. இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதி வாங்கிவிட்டால், மூன்று மாதம் கழித்து ஆய்வுக்கூட முடிவு வரும்போது கேட்டு வாங்க ஆள் இருக்கும். எழுதி வாங்காவிட்டால் மருத்துவமனை நம்மிடம் அந்த அறிக்கையைக் கொடுக்காது. கொடுக்காதது நியாயம்தான், நாம் உறவு இல்லையே. மரணச் சான்றிதழ் மலாயில் இருக்கும். ஊர் வங்கியில் அதைக் காட்ட மொழிபெயர்ப்பும் வேண்டும். மெய்ப்பித்த நகல் நாலைந்து எடுத்துவையுங்கள், ஒவ்வோர் அலுவலகமும் ஒன்றை வைத்துக்கொள்ளும்.

2024 ஆகஸ்டில் நம் பிரதமர் டெல்லி போனபோது தொழிலாளர்களை அழைத்து வருவது, வேலைக்கு வைப்பது, திருப்பி அனுப்புவது பற்றி இரண்டு நாடும் ஓர் ஒப்பந்தம் போட்டன. நல்லது. அரசுகள் அவர்கள் வேலையைச் செய்யட்டும். எனக்கு இந்த அவையிடம் ஒரு சின்னக் கோரிக்கை உண்டு. பிரிக்பீல்ட்ஸில் இரண்டு பேர், கிள்ளானில் இரண்டு பேர் வேண்டும். மலாய் படிக்கத் தெரியவேண்டும், சவக்கிடங்கின் வாசலில் காத்திருக்கப் பொறுமை வேண்டும், ஊரில் இருக்கும் ஒரு விதவையிடம் மூன்று மாதம் கழித்தும் போனில் பேசத் தயாராக இருக்கவேண்டும். முதலாளிமார்கள் ஒவ்வொருவரும் தங்கள் ஆட்களின் பாஸ்போர்ட் முதல் பக்க நகல், இன்ஷூரன்ஸ் எண், ஊரில் பேசவேண்டியவர் பெயர், போன் எண் இவற்றை ஒரு தாளில் எழுதிக் கடையில் வையுங்கள். பாஸ்போர்ட்டை மட்டும் அவர்களிடமே கொடுத்துவிடுங்கள். பொறுப்பேற்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் முன்வரிசைக்கு வந்து பெயர் கொடுங்கள். ஒப்புதல் கடிதத்தின் மாதிரி வாசகத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு செய்து கொண்டுவந்திருக்கிறேன், ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளலாம்.